வேலையை விடும் முன் ஓர் ஒத்திகை

நேயர்களுக்கு வணக்கம். சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. வருடத்தில் பத்துப் பேராவது என்னிடம் வந்து இதையே கேட்பார்கள்: "வேலையோடு சேர்த்துச் செய்கிற தொழிலில் நல்ல வரும்படி வருகிறது. வேலையை விட்டுவிடலாமா?" அப்படிக் கேட்ட ஒரு தோழியின் கணக்கை இன்று உங்கள் முன் பிரித்துப் பார்க்கப் போகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான். ஊரும் பணமும் எதுவானாலும் பொருந்தட்டும் என்று, அவர் கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம்.

அவர் துணிப்பை தைத்து விற்பவர். மாலையிலும் விடுமுறை நாளிலும் வேலை. "மாதம் சராசரி 200 வருகிறது, சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். அந்த 200 விற்பனை. துணி, நூல், ஜிப் எல்லாம் சேர்த்து 80 போய்விடுகிறது. கூட உட்கார்ந்து தைக்கும் பெண்ணுக்குக் கூலி 25. பேக்கிங், கூரியர், இணையத்தில் விற்பதற்கான கமிஷன் 15. மிச்சம் 80. தையல் இயந்திரம் என்றைக்காவது படுத்துவிடும், அதற்கு மாதம் 5 ஒதுக்கச் சொன்னேன். ஆக, 75. இரண்டு மடங்காக இருந்தது முக்கால் பங்காகிவிட்டது. தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, 75 போதுமா? அதற்கு எவ்வளவு தேவை என்று தெரிய வேண்டும். பலரும் சம்பளத்தைத்தான் இலக்காக வைக்கிறார்கள். அது சரியில்லை. அவர் வீட்டுச் செலவு 70தான். ஆனால் இதுவரை நிறுவனம் கட்டிய மருத்துவக் காப்பீட்டை இனி அவர் கட்ட வேண்டும், அது 6. ஓய்வுக்கால நிதியில் நிறுவனம் போட்ட பங்கையும் அவரே போட வேண்டும், 10. வரிக்கு 4. ஆக 90. இதற்குக் கீழே போனால், இன்றைய செலவுக்கு முதுமையிலிருந்து கடன் வாங்குகிறோம் என்று அர்த்தம்.

75க்கும் 90க்கும் இடைவெளி பெரிதில்லைதான். "முழு நேரமும் கிடைத்தால் இதைப் பிடித்துவிட மாட்டேனா?" என்றார் தோழி. எல்லோரும் சொல்லும் வாதம்தான், ஆனால் அது உண்மையா என்று சோதிக்க வழி இருக்கிறது. தொழில் வளராமல் நிற்பதற்கு நேரம் இல்லாதது காரணமா, ஆர்டர் இல்லாதது காரணமா? ஆர்டர்தான் இல்லையென்றால், வேலையை விட்டதும் காலியான நாள்கள்தான் கிடைக்கும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, நேரமில்லை என்று திருப்பி அனுப்பும் ஒவ்வொரு ஆர்டரையும் எழுதச் சொன்னேன். ஆறு மாதத்தில் 11 ஆர்டர். எல்லாம் கிடைத்திருந்தால் செலவு போக மாதம் 20 கூடியிருக்கும். ஆனால் விசாரித்தவர் எல்லோரும் வாங்குபவர் இல்லையே? அந்த 11 பேரிடமும் "பாதிப் பணம் இப்போதே கொடுத்தால் மூன்று வாரத்தில் தைத்துத் தருகிறேன்" என்று கேட்கச் சொன்னேன். நான்கு பேர் கொடுத்தார்கள். மாதக் கணக்கில் அது 7 சொச்சம். முன்பணம் கொடுத்தவரை மட்டும்தான் நான் கணக்கில் எடுப்பேன். 75ம் 7ம் 82. இன்னும் பற்றவில்லை.

இதுவரை சொன்னது சராசரி. சராசரியில் யாரும் வாடகை கட்ட முடியாது. 12 மாத மிச்சத்தையும் வரிசையாக எழுதிப் பார்த்தோம். மொத்தம் 900. அதில் இரண்டு மாதங்கள் மட்டும் 150, 150. ஒரு பெரிய நிறுவனம் தன் கூட்டங்களுக்காகப் பை வாங்கிய மாதங்கள் அவை. அப்புறம் ஓரிடத்தில் 30, 35, 40 என்று மூன்று மாதம் தொடர்ந்து வந்திருந்தது. நான் எப்போதும் பார்ப்பது இந்தத் தொடர் மோசத்தைத்தான். ஒரு மோசமான மாதத்தை யாரும் சமாளிப்பார்கள், மூன்று சேர்ந்து வந்தால் கை நீட்ட வேண்டியிருக்கும். இவருக்கு அந்த மூன்று மாதத்தில் 270 தேவை, வந்தது 105. துண்டு 165. கிட்டத்தட்ட இரண்டு மாதச் செலவு அளவு. அதே மாதிரி ஒரு சரிவு மறுபடி வந்தாலும் தாங்கும் பணம் கையில் இருக்க வேண்டும். ஒருவேளை அந்தப் பெரிய நிறுவனமே போய்விட்டால்? வருட மிச்சத்தில் அவர்களால் வந்தது 240. அதைக் கழித்தால் மாதம் 55தான். 55 வைத்துக்கொண்டு வேலையை விடுவது, ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளியிடம் போவது. முதலாமவர் மாதாமாதம் கொடுத்தார், இரண்டாமவர் நினைத்தால் கொடுப்பார்.

எண்கள் இவ்வளவு சொன்ன பிறகு ஒத்திகை பார்க்கலாம் என்றேன். ஏற்பாடு எளிது. சம்பளம் முழுவதும் ஒரு தனிக் கணக்குக்குப் போகும், அதைத் தொடக்கூடாது. மாதம் முதல் தேதி தொழில் கணக்கிலிருந்து 90 வீட்டுக்கு மாறும், அதில்தான் குடும்பம் நடக்க வேண்டும். ஆறு மாதம் இப்படி ஓட்டினால், தொடாத சம்பளம் 600 சேர்ந்திருக்கும். தேவை 90 என்பதால் அது ஆறரை மாதம் தாங்கும். கையிருப்பும் தானாகச் சேர்ந்துவிடுகிறது.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. மூன்றாம் மாதம் தோழி தொலைபேசியில் அழுதார். தொழில் படுத்துவிடவில்லை, மாறாக நிறைய ஆர்டர். பெரிய நிறுவனம் பில் கொடுத்து 60 நாள் கழித்துத்தான் பணம் தரும், துணிக்கோ ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். கணக்குப்படி லாபம், பையில் காசில்லை. சம்பளக் கணக்கைத் தொட வேண்டியதாகிவிட்டது. வேலையை விட்ட பிறகு இது நடந்திருந்தால், வட்டிக்கு வாங்கியிருப்பார். வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ தேவையென்றால் அதையும் வேலையில் இருக்கும்போதே யோசித்துவிடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் பல வங்கிகள் இரண்டு மூன்று வருடக் கணக்கைக் கேட்கும். இன்னொன்று, வேலையோடு சேர்த்துத் தொழில் செய்ய உங்கள் வேலை ஒப்பந்தம் இடம் தருகிறதா என்றும் முதலிலேயே படித்துவிடுங்கள்.

அதன்பின் அவர் மூன்று மாற்றம் செய்தார். புது வாடிக்கையாளர் யாராயினும் பாதிப் பணம் முன்பே கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனத்திடம் பேசி 60 நாளை 30 ஆக்கினார். கேட்டதும் ஒத்துக்கொண்டார்கள், இரண்டு வருடமாக அவர் கேட்கவேயில்லை என்பதுதான் விஷயம்! விலையையும் கொஞ்சம் ஏற்றினார், இரண்டு கடைக்காரர்கள் விலகிப் போனார்கள், ஆனால் மாத மிச்சம் கூடிவிட்டது.

இப்போது இரண்டாவது ஒத்திகை ஐந்தாவது மாதத்தில் ஓடுகிறது. சம்பளக் கணக்கை இதுவரை தொடவில்லை. பெரிய நிறுவனத்தின் பங்கு மிச்சத்தில் ஆறில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார், தேதி போடவில்லை. அவர் வேலையில் மூன்று மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். போன வருடம் சரிந்த அந்த மூன்று மாதங்கள் இந்த வருடம் எப்படிப் போகின்றன என்று பார்த்துவிட்டுத் தேதி போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வணக்கம்.