கார் நிறுத்தும் தளமும் ஷியர் வாலும்

வணக்கம். சென்னையில் எந்தத் தெருவில் நடந்தாலும் கீழே தூண்கள் மட்டும் நிற்க, நடுவில் கார்கள், மேலே மூன்று மாடி வீடுகள் என்று ஒரே மாதிரி கட்டடங்கள்தான் கண்ணில் படும். ஸ்டில்ட் பார்க்கிங் என்று சொல்கிறோமே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 2001 ஜனவரி 26 காலையில் குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிற அகமதாபாத்தில் இந்த மாதிரி கட்டடங்கள் பல விழுந்தன. கீழ்த்தளத் தூண்கள் ஒடிந்து, மேல் மாடிகள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டன.

ஏன் கீழ்த்தளம் மட்டும்? மேல் மாடிகளில் தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர் இருக்கிறது. வரைபடத்தில் அதைப் பெரும்பாலும் பலமாகக் கணக்கெடுப்பதில்லை, ஆனால் கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது அந்தச் சுவர்கள் மாடியை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். கார் நிறுத்தும் தளத்தில் அது இல்லை. அதனால் ஆட்டம் முழுவதும் அந்த ஒரு தளத்துக்கே வந்து சேர்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தளம் 150 சதுர மீட்டர், ஸ்டில்டுக்கு மேல் மூன்று மாடி, மொட்டை மாடியையும் சேர்த்து நான்கு தளம். சதுர மீட்டருக்குச் சுமார் 1 டன் என்றால் மொத்தம் 600 டன். சென்னை இருக்கும் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு, சாதாரணமாகக் கம்பி கட்டிய சட்டகக் கட்டடம் என்றால், நம் நாட்டு நிலநடுக்க விதியின் கணக்குப்படி எடையில் ஏறக்குறைய 7 சதவீதம் பக்கவாட்டு விசையாக வரும், அதாவது சுமார் 40 டன். 12 தூண் இருந்தால் தலைக்கு 3 டன்னுக்கு மேல். நேராக இறங்கும் எடையோடு ஒப்பிட்டால் இது சின்ன எண்தான், ஆனால் தூணைக் குறுக்கே தள்ளி, மேல் முனையிலும் கீழ் முனையிலும் வளைக்கிறது, அங்கேதான் ஒடிகிறது.

இங்கேதான் ஷியர் வால் வருகிறது. அது கம்பி கட்டிய காங்கிரீட் சுவர், அடித்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை ஒரே நேராகப் போவது. பலகையைப் படுக்கவைத்து அழுத்தினால் வளையும், விளிம்பு மேலே வரும்படி நிறுத்தி அழுத்தினால் அசையாது இல்லையா, அதே விஷயம்தான். வளைவைப் பொறுத்தவரை, தள்ளும் திசையில் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் 450 மில்லிமீட்டர் தூணுக்கும் 3 மீட்டர் சுவருக்கும் ஒப்பீடே கிடையாது. ஆனால் அந்த விறைப்பு நீளவாக்கில் மட்டும்தான், ஆகவே கட்டடத்தின் இரண்டு திசைக்கும் தனித்தனியாகச் சுவர் வேண்டும்.

லிஃப்டைச் சுற்றி காங்கிரீட் சுவர் இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். ஒரு மூலையில் மட்டும் அது இருந்தால் அந்த மூலை நிற்கும், மீதிக் கட்டடம் அதைச் சுற்றித் திருகும். எதிர்ப்பக்கத் தூண்களுக்குத்தான் ஆபத்து. அப்புறம், அகமதாபாத்தில் சில இடங்களில் லிஃப்ட் சுவர் நின்றது, கட்டடம் அதிலிருந்து பிய்ந்து விழுந்தது, ஏனென்றால் இரண்டையும் இணைத்தது மெல்லிய ஸ்லாப் மட்டும்தான். சுவர்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும், பீம்களோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும்.

அடித்தளத்தையும் விடக்கூடாது. தூண்களின் பங்கை விட்டுவிட்டு அந்த 40 டன்னை ஒரு திசையில் இரண்டு சுவர் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 20 டன். அது 12 மீட்டர் உயரக் கட்டடத்தில் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. 3 மீட்டர் நீளச் சுவரின் ஒரு முனையை 65 டன்னுக்கு மேல் தூக்கும், மறுமுனையை அதே அளவு அழுத்தும். சுவர் மேல் உட்காரும் எடை அந்தத் தூக்கலில் ஒரு பகுதியைச் சரிக்கட்டும். மீதியைத் தாங்க அகலமான, பக்கத்துத் தூண்களோடு சேர்ந்த அடித்தளம் வேண்டும். தனித்தனி ஃபுட்டிங்கில் சுவரை நிறுத்திவிட்டுப் போவது சரியில்லை.

சரி, ஏற்கெனவே கட்டிவிட்ட கட்டடத்துக்கு? அங்கே எஃகு பிரேசிங் உதவும். தூண்களுக்கு நடுவே குறுக்காகக் கம்பங்களைப் போட்டால், தள்ளும் விசை தூணை வளைப்பதற்குப் பதில் கம்பத்தை இழுக்கவோ அழுத்தவோ செய்யும். கார் வந்துபோக வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பக்கங்களிலும் பின்புறத்திலும் போடலாம். கார் நிற்கிற நடு இடத்தில் பெருக்கல் குறி மாதிரி போட முடியாது. நம் விதி கேட்பது, இப்படிச் சேர்த்த பிறகு கீழ்த்தளத்தின் விறைப்பு அதற்கு மேல் தளத்தின் விறைப்பில் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது. நான் முதலில் பார்ப்பது இணைப்பைத்தான். தூண் மேலே பூசியிருக்கும் சிமென்ட்டில் நான்கு போல்ட் அடித்து மாட்டிய கம்பம் முதல் குலுக்கலிலேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பூச்சை உடைத்து, உள்ளே நல்ல காங்கிரீட் வரை போய், கம்பி எங்கே இருக்கிறது என்று பார்த்து ஆங்கர் போட வேண்டும். அதோடு அந்தத் தூணுக்கும் அதன் அடித்தளத்துக்கும் இப்போது முன்பு இல்லாத இழுப்பும் அழுத்தமும் வருகின்றன, அதைத் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே வெல்டரைக் கூப்பிட வேண்டும்.