முகம் மாற்றுவதற்கு முன்: இரு படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது எப்படி?

(திரையில்: ஜூஹு கடற்கரையில் அண்ணன், மாட்டுங்கா வீட்டு வாசலில் தம்பி.)

வணக்கம். இந்த இரண்டு படங்களிலும் முகங்களை இடம் மாற்றினால் ஒன்று பூசணிக்காய் போலப் பெருத்தும் மற்றொன்று சுருங்கியும் தெரியும். ஒட்டுவதற்கு முன்பே முகங்களைச் சமப்படுத்தாததுதான் இதற்குக் காரணம். இன்று ஜிம்ப் மென்பொருளில் அதைச் செய்வோம். மூலப் படங்களை நகலெடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். Measure கருவியால் ஒரு கருவிழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்குக் கோடு இழுத்தால், தொலைவும் கோணமும் கீழே தெரியும். அண்ணன் படத்தில், திரையின் இடப்பக்கக் கண்ணைவிட வலப்பக்கக் கண் 7 டிகிரி தாழ்ந்திருக்கிறது. ஆகவே Rotate கருவியில் -7 என்று கொடுக்கிறோம். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்படுவதால் இமைமுடிகள் மங்கத் தொடங்கும். கோணம் தவறிவிட்டால் மேலும் திருப்பாமல், Undo கொடுத்து மறுபடி செய்யுங்கள். தம்பியின் கண்கள் ஏற்கெனவே நேராக உள்ளன.

திருப்பியதும் மூலைகளில் முக்கோண வெற்றிடம் தோன்றும். அது போகும்படி வெட்டுங்கள். ஆனால் தலைமுடி, காது, சட்டைக் காலர் மூன்றும் உள்ளே இருக்கட்டும், ஏனெனில் தோலின் நிறத்தைப் பொருத்தும்போது கழுத்துப் பகுதி கட்டாயம் தேவைப்படும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முகத்தின் அகலத்தை அளக்காதீர்கள். முடியும் தாடியும் அதன் விளிம்பை மறைத்துவிடும். கருவிழிகளுக்கு இடைப்பட்ட தொலைவோ சிரித்தாலும் பேசினாலும் ஏறக்குறைய மாறாது. அண்ணனுக்கு அது 320 பிக்சல், தம்பிக்கு 200. சிறியதைப் பெரிதாக்கினால் இல்லாத நுணுக்கத்தை மென்பொருள் ஊகித்து நிரப்பும், தோல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். ஆகவே பெரியதையே சிறிதாக்குவோம். 200-ஐ 320-ஆல் வகுத்தால் 0.625. வெட்டிய படத்தின் அகலம் 1600 என்றால், Scale Image-இல் 1000 என்று கொடுங்கள். சங்கிலிக் குறி பூட்டியிருந்தால் 2000 பிக்சல் உயரம் தானாகவே 1250 ஆகும். வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு, உங்கள் படத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. கண்களை இணைக்கும் கோட்டிலிருந்து மூக்கின் அடிவரை உள்ள தொலைவை இரு படங்களிலும் அளந்து ஒப்பிடுங்கள். கண்களின் இடைவெளி சமமாக இருந்தும் இந்த அளவு வெகுவாக வேறுபட்டால், பெரும்பாலும் ஒரு முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. திரும்பிய முகத்தில் கண்களின் இடைவெளி குறுகித் தெரியும் என்பதால், அதை நம்பிக் கணக்கிட்ட விகிதம் பிழையாகிவிடும். அந்த நிலையில் இந்தச் செங்குத்து அளவைக் கொண்டே விகிதத்தைக் கணக்கிடுங்கள். மிக அருகில் எடுத்த செல்ஃபியில் மூக்கு பருத்து, காதுகள் பின்வாங்கியிருக்கும். எந்த விகிதத்தில் சுருக்கினாலும் அந்தத் தோற்றம் நேராகாது என்பதால், ஐந்து அடியாவது தள்ளி நின்று வேறு படம் எடுப்பதே என் பரிந்துரை.