மதிப்பே தெரியாமல் ஒருங்குமா என்று சொல்வது எப்படி?

[திரையில்: ∫₁^∞ dx/√(x³ − 1)]

இந்தத் தொகையீட்டை எடுத்துக்கொள்வோம். வகையிட்டால் 1/√(x³ − 1) வரும்படியான சார்பு, நமக்குப் பழக்கமான சார்புகளில் கிடையாது. பிரதியிட்டாலும் வராது, பகுதி முறையில் போனாலும் வராது. ஆனால் இப்போது நமக்கு மதிப்பு வேண்டாம். இது ஒருங்குமா, விரியுமா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

முதல் வேலை, சிக்கல் எங்கே இருக்கிறது என்று தேடுவது. மேல் எல்லை முடிவிலி. அது எல்லார் கண்ணிலும் படும். கீழ் எல்லையில் இருப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். x = 1 என்று போட்டால் கீழே பூச்சியம் வருகிறது, சார்பு வானத்துக்கு எகிறுகிறது. ஆக, சிக்கல் இரண்டு. இரண்டையும் ஒரே ஒப்பீட்டில் முடிக்கப் பார்க்கக் கூடாது. நடுவில் எங்காவது வெட்டுங்கள். நான் 2-இல் வெட்டுகிறேன்.

[திரையில்: ∫₁² dx/√(x³ − 1) + ∫₂^∞ dx/√(x³ − 1)]

வால் துண்டை, அதாவது 2 முதல் முடிவிலி வரை உள்ளதை முதலில் பார்ப்போம். x பெரிதாக இருக்கும்போது அந்த −1 ஒரு பொருட்டே இல்லை. சார்பு ஏறக்குறைய 1/x^(3/2) போல நடக்கிறது. 1 முதல் முடிவிலி வரை 1/x^p-இன் தொகையீடு p > 1 என்றால் ஒருங்கும். இங்கே p = 3/2. அப்படியானால் ஒருங்க வேண்டும் என்று மனம் சொல்கிறது. சரி, நிரூபிக்கலாம்.

இங்கேதான் கவனம் வேண்டும். x³ − 1 என்பது x³-ஐ விடச் சிறியது. கீழே இருப்பது சிறுத்தால் பின்னம் பெருக்கும். அதனால் நம் சார்பு 1/x^(3/2)-க்கு மேலே இருக்கிறது. ஒருங்குகிற ஒன்றுக்கு மேலே இருக்கிறோம் என்பதால் எதுவும் தெரிந்துவிடாது. கூரை வேண்டிய இடத்தில் தரைதான் கிடைத்திருக்கிறது.

வழி இருக்கிறது. ஒரு மாறிலியை விட்டுக்கொடுங்கள். x ≥ 2 என்றால் x³ குறைந்தது 8. அப்போது 1 என்பது x³-இன் பாதியைத் தாண்டாது. ஆகவே x³ − 1 ≥ x³/2.

[திரையில்: 1/√(x³ − 1) ≤ √2 / x^(3/2), x ≥ 2]

வலப்பக்கத்தை 2 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் சரியாக 2 வருகிறது. வால் துண்டு 2-ஐத் தாண்டாது.

தாண்டாது என்றால் ஏன் ஒருங்க வேண்டும்? நம் சார்பு எங்கும் குறையெண் ஆவதில்லை. அதனால் மேல் எல்லையை நகர்த்த நகர்த்தப் பரப்பு ஏறிக்கொண்டுதான் போகும், இறங்காது. ஏறிக்கொண்டே போவதற்கு மேலே ஒரு தடை இருந்தால், அது ஓர் எண்ணை நெருங்கியே தீர வேண்டும். குறையெண் வரலாம் என்றால் இந்த வாதம் நிற்காது. −1 என்ற மாறிலி எப்போதும் 1/x²-க்குக் கீழேதான் இருக்கிறது. ஆனாலும் அதன் தொகையீடு விரிகிறது.

அப்புறம் 1 பக்கத்துத் துண்டு. இங்கே x³-ஐப் பார்த்துப் பயன் இல்லை. கேள்வி, கீழே இருப்பது எவ்வளவு வேகமாகப் பூச்சியமாகிறது என்பது. காரணிப்படுத்துங்கள்.

[திரையில்: x³ − 1 = (x − 1)(x² + x + 1)]

இரண்டாவது காரணி 1-இல் 3, 2-இல் 7. எனவே இந்த இடைவெளியில் x³ − 1 ≥ 3(x − 1). நம் சார்பு 1/√(3(x − 1))-ஐத் தாண்டாது. அதை 1 முதல் 2 வரை தொகையிட்டால் 2/√3, அதாவது ஏறக்குறைய 1.155. இதுவும் ஒருங்குகிறது.

இரண்டு துண்டும் ஒருங்குவதால் முழுத் தொகையீடும் ஒருங்கும், மதிப்பு 3.16-க்குள் அடங்கும். உண்மை மதிப்பு சுமார் 2.43. ஒப்பீடு மதிப்பைத் தராது, ஆனால் பொய் சொல்லாது.

இப்போது வர்க்கமூலத்தை மட்டும் எடுத்துவிடுவோம்.

[திரையில்: ∫₁^∞ dx/(x³ − 1)]

வால் துண்டு இன்னும் நல்ல நிலைமையில் இருக்கிறது: அடுக்கு 3/2-இலிருந்து 3 ஆகிவிட்டது. ஆனால் விளிம்பில் விதி தலைகீழ். ஒரு புள்ளியை ஒட்டி 1/(x − 1)^p ஒருங்க p < 1 வேண்டும்; வர்க்கமூலம் இருந்தபோது p = 1/2, இப்போது p = 1. இம்முறை விரிகிறது என்று காட்ட வேண்டியதால், தேவைப்படுவது தரை. 1-க்கும் 2-க்கும் இடையில் இரண்டாவது காரணி 7-ஐத் தாண்டாது, ஆகவே

[திரையில்: 1/(x³ − 1) ≥ 1/(7(x − 1)), 1 < x ≤ 2]

வலப்பக்கத்தை 1 + ε முதல் 2 வரை தொகையிட்டால் (1/7) ln(1/ε). ε பூச்சியத்தை நெருங்க நெருங்க இது கட்டில்லாமல் வளர்கிறது. மேலே இருக்கும் நம் தொகையீடும் கூடவே போகிறது. ஒரு துண்டு விரிந்தாலே போதும், முழுத் தொகையீடும் விரிகிறது. வால் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது.