அத்தையிடம் நேரே பேசுங்கள்

நடுவர் கேட்டது: "கூட்டுக் குடும்பத்துல மாமியாரோட கெடுபிடிக்கு எல்லை போட வேண்டியது யாரு? மருமகளா, அவ புருஷனா?" (மருமகளே என்ற அணியின் இரண்டாவது பேச்சு)

நடுவர் அவர்களுக்கும் அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

எதிரணியின் முதல் பேச்சாளர், "பெத்த பிள்ளை சொன்னாத்தான் தாய் கேப்பா" என்றார். பாதி சரி. பிள்ளை சொன்னால் அம்மா கேட்டுக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கோபம் யார் தலையில் விடியும்? கரூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பெண் ஜவுளி ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். சம்பளம் 22,000 ரூபாய். கல்யாணமான இரண்டாவது மாதமே, "கார்டு எங்கிட்ட இருக்கட்டும் சாமி, நீ தொலச்சுப்போடுவே" என்று மாமியார் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். ரகசிய எண்ணும் அவருக்குத் தெரியும். பஸ்ஸுக்கும் டீக்கும் காலையில் கை நீட்டி வாங்கிப் போக வேண்டும். அம்மா வீட்டுக்குப் போகும்போது ஒரு கிலோ ஆப்பிள் வாங்கக்கூடக் கணக்குச் சொல்ல வேண்டும்.

அவள் முதலில் செய்தது எதிரணி சொல்லும் வழிதான். கணவனிடம் சொன்னாள். அவனும் நல்ல பிள்ளை, அன்று ராத்திரியே அம்மாவிடம் கேட்டுவிட்டான். மறுநாள் விடிந்ததும் வீடு முழுக்க ஒரே பேச்சு: "வந்து ஆறு மாசம் ஆகல, எம்பையனை ஏத்தி விட்டுட்டா." நாத்தனாருக்குப் போன் போனது. மாமியார் இரண்டு வாரம் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கார்டும் வரவில்லை. அந்தத் தாயின் காதில் கார்டு என்ற விஷயமே ஏறவில்லை. மகன் கைவிட்டுப் போகிறான் என்றுதான் கேட்டிருக்கிறது. எந்தத் தாய்க்கும் அது வலிக்கும்.

அப்புறம்தான் அவளே பேசினாள். நேரம் பார்த்துப் பேசினாள். காலைச் சமையல் பரபரப்பில் இல்லை, விருந்தாளி முன்னால் இல்லை, ஓரகத்தி காது கேட்கவும் இல்லை. ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டு முடித்து மாமியார் திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, இவளும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வாக்கியத்திலேயே வீட்டுக்கு என்ன வரும் என்பதைச் சொன்னாள். "அத்தை, ஒண்ணாந்தேதியில இருந்து வீட்டுச் செலவுக்குப் பன்னெண்டாயிரம் உங்க கையில குடுத்தர்றனுங்க. கார்டை நானே வெச்சுக்கறனுங்க."

"ஏன், என்னை நம்பலையா?"

"அப்படி இல்லீங்க அத்தை. என் சம்பளத்தை நானே பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், நிறையப் பெண்கள் சறுக்குவது இங்கேதான். காரணம் அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். "பஸ்ஸுக்கு வேணும்" என்றால், "தினம் நூறு தர்றேன், வாங்கிக்க" என்று பதில் வரும். "ஆபீஸ்ல கேக்கறாங்க" என்றால், "எந்த ஆபீஸ்ல கேப்பாங்க?" என்று வரும். நாம் சொல்லும் ஒவ்வொரு காரணமும் அவர் உடைப்பதற்கு நாமே எடுத்துக் கொடுப்பது. அதனால் ஒரே வாக்கியத்தை, குரல் உயராமல், எத்தனை தடவை கேட்டாலும் அப்படியே சொல்ல வேண்டும். பழைய குறை ஒன்றைக்கூட இழுக்கக் கூடாது. "போன தீபாவளிக்கு நீங்க" என்று ஆரம்பித்தால் கார்டு பேச்சு அங்கேயே செத்துவிடும்.

உடனே கார்டு வந்ததா? வரவில்லை. ஒரு வாரம் பொறுத்து மறுபடி கேட்டாள். "எங்க வெச்சேன்னு தெரியல" என்றார் மாமியார். "சரிங்க அத்தை, சனிக்கிழமை பேங்குக்குப் போய் அதை நிறுத்திட்டு வேற வாங்கிக்கறனுங்க" என்றாள். ஒளித்துச் செய்யாமல், செய்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை ராத்திரி கார்டு சாமி அலமாரியில் இருந்தது.

ஒண்ணாந்தேதி காலையில், கேட்பதற்கு முன்பே, 12,000 ரூபாய் மாமியார் கையில் போனது. அடுத்த மாதமும் அதே தேதி, அதே தொகை. ஒரு மாதம் நாலாந்தேதிக்குத் தள்ளியிருந்தாலும், "பாத்தியா, நான் சொல்லல?" என்று எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். எல்லை போடுகிறவள் தன் பக்கத்துப் பேச்சை நூல் பிசகாமல் காப்பாற்ற வேண்டும்.

முதல் சில வாரம் புகார் கூடத்தான் செய்யும். தலைவலி என்பார், சாப்பாடு வேண்டாம் என்பார், நாத்தனாருக்கு இன்னொரு போன் போகும். அதைப் பார்த்துப் பயந்து கார்டைத் திருப்பிக் கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்பது அந்த வீட்டில் சட்டமாகிவிடும். சாப்பிடாத அன்று தட்டில் போட்டு எடுத்துப் போய், "சாப்பிடுங்கத்தை" என்று உபசரிக்கலாம். கார்டைப் பற்றி மட்டும் பேச வேண்டாம்.

கணவனுக்கு வேலையே இல்லையா என்று எதிரணி கேட்கும். இருக்கிறது. அம்மா புகார் சொல்லும்போது, "அதை அவகிட்டயே பேசிக்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். பின்னால் போய் அம்மாவிடம் தனியாக ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சமாதானம் பண்ணவும் கூடாது. அந்தக் கரூர்ப் பையன் ஒருமுறை அதைச் செய்துவிட்டான். அதைச் சரிக்கட்ட ஒரு மாதம் ஆயிற்று.

எதிரணியில் மூன்றாவதாகப் பேசிய சகோதரி, தான் தனிக்குடித்தனம் போய்ப் பன்னிரண்டு வருடம் நிம்மதியாக இருப்பதாகச் சொன்னார். சந்தோஷம் அம்மா. ஆனால் இன்று பேச்சு ஒரே அடுப்பில் சமைக்கிற வீட்டைப் பற்றி. வாடகையும் அட்வான்ஸும் கொடுத்து வெளியே போக முடியாதவர்கள்தான் இந்த அவையில் பாதிப்பேர்.

இரண்டாவதாகப் பேசிய வழக்கறிஞர் அம்மா சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன். பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய சொத்து, புகுந்த வீட்டார் வாங்கி வைத்திருந்தாலும் அது அவர்களுடையது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம், மருமகளின் பணத்தையும் நகையையும் பறித்து வைப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அவளை வெளியே தள்ள முடியாது என்று 2020-இல் தீர்ப்பும் வந்திருக்கிறது. நான் சொல்லும் மரியாதைப் பேச்சுக்கும் ஓர் எல்லை உண்டு. கை நீட்டினால், சோறு போடாவிட்டால், போனைப் பிடுங்கி வைத்தால், கதவைப் பூட்டினால், கீரை உருவும் நேரம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அங்கே கணவன் பேசுவானா என்று காத்திருப்பதும் ஆபத்து.

ஆனால் அம்மா, அந்தக் கரூர் வீட்டில் அடி இல்லை, பட்டினி இல்லை. பிடிமானம் போய்விடுமோ என்ற பயம் உள்ள ஒரு தாய்தான் இருக்கிறார். கார்டைப் போலவே அவள் நகையும் மாமியாரிடம்தான் இருக்கிறது. அங்கே வக்கீல் நோட்டீஸ் போனால் நகை வரும், வீடு உடையும். நகை யாருடையது என்று சட்டம் சொல்லும். அதை எப்படிக் கேட்பது என்று மருமகள்தான் பார்க்க வேண்டும்.

அந்த நகை இன்னும் மாமியார் பீரோவில்தான் இருக்கிறது. அவள் பில்லைப் பார்த்து எடை எழுதி, கல்யாண போட்டோக்களையும் சேர்த்து வைத்திருக்கிறாள். தன் பெயரில் பேங்க் லாக்கருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒருமுறை கேட்டாயிற்று, "பாக்கலாம்" என்று பதில் வந்தது. லாக்கர் கிடைத்ததும் மறுபடி கேட்பாள். கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. கேட்கப்போவது அவள்தான், அவள் கணவன் இல்லை என்பதை மட்டும் நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வணக்கம்.