ஓடியவர் திரும்பி வந்தார்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நாட்டை ஆள எது நல்லது, அன்பா பயமா என்பது தலைப்பு; நான் அன்பின் பக்கம்.

"அன்பை நம்பி நாட்டை ஆண்டவன் எல்லாம் ஊரைவிட்டு ஓடியவன்தான். பயம்தான் பத்திரம் என்று மாக்கியவெல்லியே எழுதிவிட்டார்!" என்றார் எதிரணித் தலைவர். கைதட்டலும் வாங்கினார்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து அரசியல் அறிஞர் மாக்கியவெல்லி, 'இளவரசன்' என்ற தன் புத்தகத்தின் 17ஆம் அத்தியாயத்தில் பயம்தான் பத்திரம் என்று எழுதியது உண்மை. ஆனால் அதே அத்தியாயத்தில், வெறுப்பை மட்டும் சம்பாதிக்காதே, குடிமக்கள் சொத்தில் கை வைக்காதே என்றும் எழுதினாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் ஐயா? அடுத்துப் பேசியவர் தன் பள்ளித் தலைமையாசிரியரின் பிரம்பைப் பற்றிச் சொன்னார். அந்தப் பிரம்புக்குப் பயந்து படித்தாராம், இருக்கட்டும், நாம் பேசுவது நாடாள்வதைப் பற்றி.

ஒரு கதை சொல்கிறேன், சாவகாசமாகக் கேளுங்கள். இத்தாலியில் ரொமாஞா என்ற பகுதி, எங்கு பார்த்தாலும் கொள்ளையும் அடிதடியும். அதைப் பிடித்த செசாரே போர்ஜா என்ற படைத்தலைவன், ரெமிரோ என்ற கொடூரமான ஆளுக்கு முழு அதிகாரம் கொடுத்து அனுப்பினான். கொஞ்ச நாளில் ஊர் அடங்கியது. பயம் வேலை செய்தது, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம்? 1502 டிசம்பர் 26, செசேனா நகரம், காலையில் சதுக்கத்துக்கு வந்த ஜனங்கள் பார்க்கிறார்கள்: ரெமிரோ கிடக்கிறான், இரண்டு துண்டாக! பக்கத்தில் ஒரு மரக்கட்டை, ரத்தம் படிந்த கத்தி. மறுபடியும் சொல்கிறேன், இரண்டு துண்டு, ஒரு கட்டை, ஒரு கத்தி. அன்றைக்கு அதே ஊரில் தூதராக இருந்த மாக்கியவெல்லி, காரணம் சரியாகத் தெரியவில்லை என்றுதான் புளோரன்சுக்குக் கடிதம் எழுதினார். பிற்பாடு புத்தகத்தில் காரணத்தைச் சொன்னார்: ரெமிரோவால் வந்த வெறுப்பு தன்மேல் விழக்கூடாது என்று செசாரே பயந்தான். பயம் அவ்வளவு பத்திரம் என்றால், பயமுறுத்தியவனை எதற்கு ஐயா வெட்டினான்?

செசாரே சரிந்த பிறகும் ரொமாஞா ஒரு மாதத்துக்கு மேல் அவனுக்காகக் காத்திருந்தது என்பார்கள். அதுவும் உண்மைதான். பயத்துக்காகவா, இல்லை அவன் அங்கே அமைத்த நீதிமன்றத்துக்காகவா காத்திருந்தார்கள்? அதை நடுவரிடமே விடுகிறேன்.

ஓடியவன் என்றீர்களே, யார் ஓடியது என்று எங்கள் அணிப் பேராசிரியர்தான் எனக்கு எடுத்துச் சொன்னார். இத்தாலியில் உர்பினோ என்ற சிறு நாட்டை ஆண்ட குய்தோபால்தோ, 1502 ஜூனில் செசாரேவிடம் நாட்டை இழந்து ஓடினார். அக்டோபரிலேயே ஜனங்கள் கிளர்ந்தெழுந்து அவரை வரவழைத்தார்கள். மறுபடி ஓட வேண்டி வந்தது, 1503இல் மறுபடி வந்தார், 1508இல் சாகும்வரை ஆண்டார். ஆள் அனுப்பியா அந்த ஜனங்களைப் பயமுறுத்தினார்?

கடைசியாக ஒன்று. 1513 பிப்ரவரியில், புளோரன்ஸ் ஆட்சியாளர்களுக்கு எதிரான சதியில் பங்கு என்ற சந்தேகத்தில் மாக்கியவெல்லியைச் சிறையில் போட்டார்கள். கையைப் பின்னால் கட்டி, கயிற்றில் தூக்கித் தூக்கி விட்டார்கள், ஆறு தடவை. வீட்டில் மனைவி, பிள்ளைகள். அத்தனை பயத்தைக் காட்டியும் அவரிடமிருந்து ஒப்புதல் வாங்க முடியவில்லை. அந்தத் தோள்களோடுதான் அதே வருடம் உட்கார்ந்து புத்தகத்தை எழுதினார். அவரைக் கொண்டுவந்து பயத்துக்கு வக்கீலாக நிறுத்துகிறீர்களே, எனக்கு மனசு கேட்கவில்லை ஐயா!