ஃபாரெக்ஸ் கார்டு ரசீதுல ஒளிஞ்சிருக்கிற 1,700 ரூபாய்

வணக்கம் நண்பர்களே. நம்ம சேனல் பார்க்கிற ஒருவர் வெளிநாடு கிளம்புவதற்கு முன் ஃபாரெக்ஸ் கார்டில் 1000 டாலர் ஏற்றியிருக்கிறார். அந்த ரசீதை எனக்கு அனுப்பியிருந்தார். பெயரையும் கார்டு எண்ணையும் மறைத்துவிட்டேன், கணக்கு எளிதாக இருக்க எண்களைக் கொஞ்சம் வட்டமாக்கியிருக்கிறேன். மேலே பாருங்கள், "கமிஷன் இல்லை" என்று அச்சடித்திருக்கிறது.

இப்போது ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம். டாலர் விலை 87.20, அதனால் 1000 டாலருக்கு 87,200 ரூபாய். கார்டு கட்டணம் 300, அதற்கு ஜிஎஸ்டி 54. அடுத்து, கரன்சி மாற்றியதற்கு ஜிஎஸ்டி 156.96. மொத்தம் 87,710.96 ரூபாய். கார்டு கட்டணம் 300 மட்டும்தான் கடைக்காரருக்குப் போனது, மீதி வரி என்றுதான் பார்த்தவுடன் தோன்றும்.

சரி, அன்றைய விலை என்ன? இந்தியாவில் இதற்கு ஒரு பொது விலை உண்டு, முன்பு ரிசர்வ் வங்கியே போட்டது, இப்போது எஃப்பிஐஎல் என்ற அமைப்பு போடுகிறது. fbil.org.in தளத்தில் ஒவ்வொரு வேலை நாளும் மதியம் ஒன்றரை மணி வாக்கில் டாலர், யூரோ, பவுண்டு, யென் போன்றவற்றுக்கு ரெஃபரன்ஸ் ரேட் போடுகிறார்கள். வங்கிகளுக்கு இடையே காலை 11.30 முதல் 12.30 வரை நடந்த வியாபாரத்தை வைத்து டாலர் விலையை எடுக்கிறார்கள். யென்னுக்குப் போடுவது 100 யென்னுக்கான விலை, அதை மறந்தால் கணக்கே தலைகீழாகிவிடும்.

ரசீது தேதியில் அந்த விலை 85.50. நம்ம நண்பர் கொடுத்தது 87.20. டாலருக்கு 1.70 வித்தியாசம். 1000 டாலருக்கு 1,700 ரூபாய், கிட்டத்தட்ட 2 சதவீதம். இதுதான் மார்ஜின். ரசீதில் இதைத் தனியாக எங்கேயும் எழுதியிருக்காது, விலைக்குள்ளேயே கலந்திருக்கிறது.

"நான் கார்டு வாங்கியது சாயங்காலம், அதற்குள் டாலர் ஏறியிருக்கலாமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமைதியான நாளில் சில பைசாவிலிருந்து இருபது, முப்பது பைசா வரை நகரும். அடுத்த நாள் ரெஃபரன்ஸ் ரேட்டையும் பாருங்கள். இரண்டு நாளும் 85.50ஐ ஒட்டியே இருந்தால், 1.70 வித்தியாசத்துக்குச் சந்தையைக் காரணம் சொல்ல முடியாது. சனி, ஞாயிறு வாங்கினால் வெள்ளிக்கிழமை விலையோடு ஒப்பிடுங்கள். சந்தை மூடியிருக்கும்போது பலரும் மார்ஜினைக் கூட்டித்தான் விற்பார்கள்.

இந்த அளவுகோல் நான் கண்டுபிடித்ததில்லை. ஜிஎஸ்டி விதி 32லேயே இருக்கிறது: விற்ற விலைக்கும் ரிசர்வ் வங்கி ரெஃபரன்ஸ் ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து வரி போடலாம். அதே விதி கொடுக்கும் இன்னொரு வழியில், ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றிய தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைக்கலாம், குறைந்தது 250 ரூபாய். அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இங்கே இரண்டாவது வழிதான்: 87,200க்கு 872, அதில் 18 சதவீதம் 156.96.

இதனால் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. சில ரசீதுகளில் டாலர் விலையே இருக்காது, மொத்தத் தொகையும் ஜிஎஸ்டியும் மட்டும்தான். அப்போது பின்னோக்கிப் போங்கள். 156.96ஐ 0.18ஆல் வகுத்தால் 872. நூறால் பெருக்கினால் 87,200. 1000 டாலரால் வகுத்தால் 87.20 வந்து நிற்கும். கார்டு கட்டணத்தின் ஜிஎஸ்டி சேர்ந்திருந்தால் முதலில் அதைக் கழித்துவிடுங்கள். மாற்றிய தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே வரி அடுக்கு மாறுகிறது.

அப்படியானால் உண்மையான செலவு? ரெஃபரன்ஸ் ரேட்டில் 85,500, கொடுத்தது 87,710.96. கூடுதலாகப் போனது 2,210.96 ரூபாய், 2.6 சதவீதம். அதில் வரி 210.96தான். மீதி 2,000 ரூபாய் விற்றவருக்கு.

டிசிஎஸ் என்று ஒரு வரி இருந்தால் அதை இதில் சேர்க்காதீர்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும்.

இன்னொரு ரசீது பயணம் முடிந்த பிறகு வரும். நண்பர் மீதி 120 டாலரைத் திருப்பிக் கொடுத்தபோது விலை 84.10. வாங்கிய விலையோடு பார்த்தால் 372 ரூபாய் குறைவு. மேலே ஜிஎஸ்டி 45, ஏனென்றால் அந்தக் குறைந்தபட்ச 250 ரூபாய் மதிப்பு இங்கே வந்துவிட்டது. இதைப் பார்க்கும்போதும் அன்றைய ரெஃபரன்ஸ் ரேட்டைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும், வாங்கிய நாளின் விலையை அல்ல. இடையில் டாலரே இறங்கியிருந்தால் அந்தப் பங்கு மார்ஜினில் சேராது.

வாங்கப் போகும்போது கமிஷன் எவ்வளவு என்று கேட்காதீர்கள். "1000 டாலர் கார்டில் ஏற எல்லாம் சேர்த்து எத்தனை ரூபாய்?" என்று இரண்டு மூன்று இடத்தில் ஒரே மணி நேரத்துக்குள் கேளுங்கள். வரும் தொகையை 1000ஆல் வகுத்து ரெஃபரன்ஸ் ரேட்டுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் ரசீதில் என்ன வந்தது என்று கீழே கமெண்டில் போடுங்கள், கார்டு எண்ணை மட்டும் மறைத்துவிட்டு.