அண்ணாச்சி, ஒரு பத்து நிமிஷம் பேசணும்

[திரையில்: ஹார்டுவேர் கடை. பில்லிங் கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒரு வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் எட்டிப் பார்க்கிறது.]

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அதன் ஆடிட்டர். பேங்க் ஸ்டேட்மென்டை லெட்ஜரோடு ஒத்துப் பார்க்கிறீர்கள், ஒன்று இடிக்கிறது. பெயிண்ட் சப்ளையருக்கு 48,500 ரூபாய் வீதம் மூன்று தடவை கொடுத்ததாக லெட்ஜர் சொல்கிறது. சப்ளையர் அனுப்பிய கணக்கில் மூன்றுமே இல்லை. ஸ்டேட்மென்டில் பணம் வேறொரு பெயருக்குப் போயிருக்கிறது. லெட்ஜரில் எழுதியவர் பல வருஷமாகக் கடையில் இருக்கும் அக்கவுண்டன்ட்.

கடை முதலாளி அண்ணாச்சியிடம் இதைச் சொல்ல, கை தானாக வாட்ஸ்அப்புக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். முதலாளியின் வாட்ஸ்அப் அவர் ஃபோனில் மட்டும்தான் இருக்கிறதா? ஃபோன் போக இன்னும் நான்கு கருவிகளில் அதை இணைக்கலாம். ஆர்டர் பார்க்க வசதியாக இருக்கும் என்று கடைக் கம்ப்யூட்டரிலும் திறந்து வைப்பார்கள். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அதே அக்கவுண்டன்ட்! அனுப்பிவிட்டு அழித்தாலும், அழித்த தடம் அங்கே நிற்கும்.

[திரையில்: "அண்ணாச்சி, பேமென்ட்ல ஒரு பிரச்சினை, அவசரமா கூப்பிடுங்க"]

இதில் விவரம் எதுவும் இல்லைதான். ஆனால் அண்ணாச்சி என்ன செய்வார்? அக்கவுண்டன்டைத்தான் கூப்பிடுவார்: "ஆடிட்டர் ஏதோ பேமென்ட்னு சொல்றாரு, என்னன்னு பாரு." முடிந்தது கதை.

அதனால் முதலில் நேராக ஃபோன் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் மட்டும் மெசேஜ்.

[திரையில்: "அண்ணாச்சி, கணக்கு முடிக்கிற வேலையா ஒரு பத்து நிமிஷம் பேசணும். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனதும் 2 மணிக்கு நானே கூப்பிடுறேன்."]

இதில் பொய் இல்லை. பேமென்ட், பேங்க் என்ற வார்த்தைகளும் இல்லை. பேசும் நேரத்துக்கு அவர் கடையில் இருக்க மாட்டார். "என்ன விஷயம்?" என்று பதில் வரும், கட்டாயம் வரும். "எழுதினா நீளும், ஃபோன்லயே சொல்றேன்" போதும். ஆனால் மாலையில் அனுப்பிவிட்டு மறுநாள் பேசுவது வேண்டாம். ராத்திரி முழுக்க மனுஷன் தூங்க மாட்டார்.

சரி, 2 மணி. "பக்கத்துல யாராவது இருக்காங்களா, ஸ்பீக்கர்ல இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். அப்புறம் சுற்றி வளைக்க வேண்டாம்: "மூணு பேமென்ட், 1,45,500 ரூபாய், சப்ளையருக்குப் போய்ச் சேரல. வேற பேருக்குப் போயிருக்கு. ஏன்னு எனக்கு இன்னும் தெரியல." திருட்டு என்ற சொல்லை நீங்கள் எடுக்காதீர்கள். அது சப்ளையரின் இன்னொரு நிறுவனமாகவும் இருக்கலாம். உறுதி செய்ய அண்ணாச்சியே சப்ளையரிடம் பேசட்டும், கடை ஃபோனிலிருந்து வேண்டாம்.

அவருக்குக் கோபம் வரும். உடனே கடைக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்கத் தோன்றும். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று: நெட்பேங்கிங் பாஸ்வேர்டை வீட்டிலிருந்தே மாற்றச் சொல்லுங்கள். ஸ்டேட்மென்ட் பக்கங்களை அனுப்ப வேண்டாம். சாயங்காலம் உங்கள் ஆபீஸுக்கு வந்து பார்க்கட்டும், தனியாக.